அலுவலகக் குழுவுக்கு இரண்டு வசன வாழ்த்து

யாழ்ப்பாணத்தில் ஓரளவு பெரிய அலுவலகம் எதை எடுத்தாலும் அதன் வட்ஸ்அப் குழுவில் எல்லாச் சமயத்தவரும் இருப்பார்கள். சைவர்கள் பெரும்பான்மை. அவர்களோடு கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போகிறவர்கள், சோனகத் தெருப் பக்கத்திலிருந்து வரும் ஒன்றிரண்டு முஸ்லிம்கள், தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த பௌத்தர்கள். பண்டிகை வந்தால் இந்தக் குழுவுக்கு யாராவது ஒரு வாழ்த்து எழுதியாக வேண்டும். ஒருவர் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கும் அலுவலகங்கள் அண்மைக் காலமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் வழி, பண்டிகையின் பெயரையே சொல்லாமல் விடுவது. தீபாவளிக்கும் 'இனிய பண்டிகைக்கால வாழ்த்துகள்', நோன்புப் பெருநாளுக்கும் அதுவே, நத்தாருக்கும் அதுவே. இந்த வழி நல்ல மனதோடு எடுக்கப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அது பிழையான வழி என்ற எண்ணம் எனக்கு வரவர உறுதிப்படுகிறது.

முப்பது நாள் நோன்பு பிடித்துப் பெருநாள் காணும் ஒருவருக்கு 'பண்டிகைக்காலம்' என்று ஒரு காலம் கிடையாது. அவருக்கு இருப்பது நோன்புப் பெருநாள். இருபத்தொரு நாள் கேதாரகௌரி விரதம் இருந்து தீபாவளியன்று கோயிலில் காப்புக் கட்டும் அம்மாவுக்கும் அப்படித்தான். பெயரை எடுத்துவிட்டால் அந்த வாழ்த்து அவரைத் தொடாது. புடைவைக் கடையின் மலிவு விற்பனை அறிவித்தலில் இருக்கும் வாசகம்தான் அவருடைய தொலைபேசிக்கு வந்து சேர்கிறது. பெரும்பான்மையினருக்கு இதனால் பெரிய நட்டமில்லை, அவர்களுடைய பண்டிகையின் பெயரைத் தெருவே சொல்லிவிடும். தன் பண்டிகையின் பெயரை அலுவலகத்தில் ஒருவராவது சொல்லிக் கேட்க விரும்புகிறவர் சிறுபான்மையினர்தான். 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட ஊர் இது. திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் இன்று எங்களோடு வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பெருநாளை இந்த ஊரில் பெயர் சொல்லி வாழ்த்துவதற்கு ஒரு கனம் இருக்கிறது. நடுநிலை என்ற பெயரில் அதைக் கரைத்துவிடக் கூடாது.

அப்படியென்றால் நடுநிலை எங்கே இருக்க வேண்டும்? பெயரைச் சொல்லுங்கள். ஆனால் வாசிக்கிறவர் எல்லோரையும் அந்தப் பண்டிகையைக் கொண்டாடுகிறவர்களாகவும், அதன் நம்பிக்கையை ஏற்றுக்கொண்டவர்களாகவும் ஆக்கிவிடாதீர்கள். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்ய இரண்டு வசனம் போதும். முதல் வசனம் பண்டிகையைப் பெயர் சொல்லி, அதைக் கொண்டாடுகிறவர்களுக்கு. இரண்டாவது வசனம் குழுவில் உள்ள எல்லோருக்கும். கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டு வசனத்தையும் பழுதில்லாமல் எழுதுவது பற்றித்தான்.

வழமையான ஒரு வாழ்த்தைத் திருத்துவது

சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் நாள் அலுவலகக் குழுக்களில் வரும் வாழ்த்து பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"எல்லாம் வல்ல இறைவனின் திருவருளால் மலரும் சுபகிருது வருடத்தில் நாம் அனைவரும் சகல செல்வங்களும் பெற்று வாழ எம்பெருமானைப் பிரார்த்திப்பதோடு, தமிழர் அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கின்றோம். நிர்வாகம்."

எழுதியவர் யாரையும் ஒதுக்க நினைக்கவில்லை. ஆனால் இதில் நான்கு இடங்கள் இடறுகின்றன. முதலாவது 'எம்பெருமானை'. இது தனி ஒருவர் தன் பெயரில் எழுதினால் அவருடைய பிரார்த்தனை, அதில் யாருக்கும் குறை சொல்ல உரிமையில்லை. அடியில் 'நிர்வாகம்' என்று போட்டவுடன் முழு அலுவலகமும் எம்பெருமானைப் பிரார்த்திப்பதாக ஆகிவிடுகிறது. 'இறைவன்' என்று பொதுவாகப் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் பொருந்தும், முஸ்லிமுக்கும் ஒருவாறு பொருந்தும். பௌத்தருக்குப் பொருந்தாது. அலுவலகத்தின் பெயரில் போகும் வாழ்த்தில் பிரார்த்தனையே இல்லாமல் விடுவதுதான் பாதுகாப்பு. 'வாழ்த்துகிறோம்' என்ற சொல்லுக்குத் தெய்வத் துணை இல்லாமலும் பொருள் உண்டு.

இரண்டாவது 'நாம் அனைவரும்'. தமிழில் 'நாம்' என்றால் கேட்கிறவரும் உள்ளே வந்துவிடுகிறார். வருடம் மலர்ந்து அதில் காலடி வைப்பவர்களாக எல்லோரையும் சேர்த்துவிடும் சொல் அது. வாழ்த்துச் சொல்கிற தரப்பைக் குறிக்க வேண்டுமென்றால் 'நாங்கள்', 'எங்கள்' போதும். 'நாம் கொண்டாடும்', 'நம் பண்டிகை' என்று வரும் இடங்களையெல்லாம் தேடி எடுத்துவிடுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது 'தமிழர் அனைவருக்கும்'. இங்கே தமிழ் பேசுகிற முஸ்லிம்கள் தங்களைத் தமிழர் என்று சொல்லிக்கொள்வதில்லை, சித்திரை வருடப்பிறப்பையும் கொண்டாடுவதில்லை. தமிழ்க் கிறிஸ்தவர்களில் சிலர் வீட்டில் பலகாரம் சுட்டுப் புத்தாடை உடுத்திக் கொண்டாடுகிறார்கள், சிலர் அதைச் சைவப் பண்டிகையாகக் கருதி விலகியிருக்கிறார்கள். சிங்களவர்களோ தமிழர் அல்லாமலே இதைக் கொண்டாடுகிறார்கள். ஆக, இனத்தை வைத்துப் போட்ட கோடு எந்தப் பக்கத்திலும் சரியாக விழவில்லை. 'இந்துப் புத்தாண்டு' என்றாலும் இதே கோளாறுதான். அரச விடுமுறைப் பட்டியலில் இது தமிழ் சிங்களப் புத்தாண்டு. குழுவில் சிங்களச் சகோதரர்கள் இருந்தால் அந்தப் பெயரையும், இல்லாவிட்டால் 'சித்திரைப் புத்தாண்டு' என்பதையும் பயன்படுத்தலாம். வெறும் 'தமிழ்ப் புத்தாண்டு' தை முதலாம் திகதியா சித்திரை முதலாம் திகதியா என்ற பழைய வாதத்தைக் குழுவுக்குள் கொண்டுவரும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

நான்காவது சிறியது. வருடப் பெயரும், பிறக்கும் நேரமும், மருத்துநீர் வைக்கும் புண்ணியகாலமும் வாழ்த்தோடு சேர்த்து அனுப்பப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம் பார்க்கும் வீடும் திருக்கணிதம் பார்க்கும் வீடும் உண்டு, இரண்டிலும் நேரம் வேறு. நிர்வாகம் ஒன்றைப் போட்டால் மற்றதைப் பார்க்கிற வீட்டுக்காரர் அதைத் திருத்தி எழுதுவார், வாழ்த்து அங்கேயே நின்றுவிடும். நேரத்தை அவரவர் வீட்டுப் பஞ்சாங்கத்துக்கு விட்டுவிடுங்கள்.

இவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான்:

"நாளை பிறக்கும் சித்திரைப் புத்தாண்டைக் கொண்டாடும் எல்லோருக்கும் எங்கள் இனிய வாழ்த்துகள். இந்த விடுமுறை நம் எல்லோருக்கும் வீட்டாரோடு மகிழ்ந்திருக்கும் நாட்களாக அமையட்டும்."

இரண்டாவது வசனத்தில் 'நம்' வந்திருப்பதைக் கவனியுங்கள். அங்கே அது சரியான இடத்தில் இருக்கிறது, ஏனென்றால் விடுமுறை உண்மையாகவே எல்லோருக்கும் பொது. 'கொண்டாடும் எல்லோருக்கும்' என்றால் கொண்டாடாதவரைத் தள்ளிவைத்தது போலாகாதா என்று கேட்பவர்களுக்கும் இந்த இரண்டாவது வசனமே பதில். அது இல்லாமல் முதல் வசனத்தை மட்டும் அனுப்பினால் அவர்கள் சொல்வது நியாயம்தான்.

2022 சித்திரையின் நான்கு நாட்கள்

இந்த முறை எவ்வளவுக்குத் தாங்கும் என்று பார்க்க 2022ஆம் ஆண்டு ஏப்ரலைவிடக் கடினமான ஒரு மாதம் கிடையாது. 14ஆம் திகதி வியாழக்கிழமை சித்திரைப் புத்தாண்டு. 15 பெரிய வெள்ளி. 16 பக் பௌர்ணமி, நோன்மதி தினம். 17 உயிர்த்த ஞாயிறு. இந்த நான்கு நாளும் முஸ்லிம்கள் ரமழான் நோன்பில் இருந்தார்கள். அடுத்தடுத்த நான்கு நாட்களில் மூன்று சமயங்களின் நாட்கள், நான்காவது சமயத்தின் நோன்பு மாதத்துக்குள்ளே. அதற்கு மேல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு.

இப்படியொரு கிழமையில்தான் 'எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றாகப் போட்டுவிடுவோம்' என்ற யோசனை வருகிறது. 'சித்திரைப் புத்தாண்டு, பெரிய வெள்ளி, நோன்மதி, உயிர்த்த ஞாயிறு, ரமழான் ஆகியவற்றை முன்னிட்டு அனைவருக்கும் இனிய வாழ்த்துகள்' என்று ஒரு வாழ்த்து எழுதினால் ஒருவரும் விடுபடவில்லை, பெயர்களும் இருக்கின்றன. பார்க்க நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய வெள்ளிக்கு வாழ்த்துச் சொல்லக் கூடாது. அது இயேசு சிலுவையில் மரித்ததை நினைவுகூரும் நாள். கத்தோலிக்கர் அன்று ஒருசந்தி இருந்து, மச்சம் தவிர்த்து, சிலுவைப்பாதை செய்கிறார்கள். 'இனிய பெரிய வெள்ளி' என்பது செத்தவீட்டு வாசலில் நின்று வாழ்த்துவதற்குச் சமம். ரமழான் மாதத்தின் நடுவில் நோன்பாளிக்குப் பெருநாள் வாழ்த்தும் பொருந்தாது, பெருநாளுக்கு இன்னும் இரண்டு கிழமை கிடந்தது. நோன்மதி தினம் சில் எடுத்து விகாரையில் இருக்கும் நாள்.

பண்டிகைகளை எல்லாம் ஒரே மாதிரி மகிழ்ச்சி நாட்கள் என்று எடுத்துக்கொண்டால்தான் ஒரே வாழ்த்தில் அடக்க முடியும். அவை அப்படியில்லை என்பதை அந்த நான்கு நாட்கள் போல் வேறெதுவும் காட்டித்தராது. கொண்டாடும் நாள் வேறு, விரதம் காக்கும் நாள் வேறு, துக்கம் நினைக்கும் நாள் வேறு. வாழ்த்து எழுத உட்காருகிறவர் முதலில் கேட்க வேண்டியது 'இது எந்தச் சமயத்தின் நாள்' என்பதற்கு முன்னால், 'இது எந்த வகை நாள்' என்பதைத்தான்.

அந்தக் கிழமைக்கு எழுதக்கூடியது என்ன? 13ஆம் திகதி மாலை, மேலே சொன்ன புத்தாண்டு வாழ்த்து. ஆனால் இரண்டாவது வசனத்தில் 'மகிழ்ந்திருக்கும்' என்பதற்குப் பதிலாக 'கொஞ்சம் ஓய்வு தரும் நாட்களாக அமையட்டும்' என்று போட்டிருந்தால், எரிவாயு வரிசையிலிருந்து வாசிக்கிறவருக்கும் பொருந்தியிருக்கும். சகல செல்வமும் பெருக வாழ்த்துவது அந்த ஆண்டுக்கு ஏற்றதல்ல. பெரிய வெள்ளிக்கு வாழ்த்துக் கிடையாது. ஏதாவது சொல்லவே வேண்டுமென்றால் வாழ்த்து என்ற சொல் இல்லாமல் ஒரே வசனம்: "பெரிய வெள்ளியை நினைவுகூரும் சக உத்தியோகத்தர்களை இன்று நினைத்துக்கொள்கிறோம்." நோன்மதி தினத்துக்கும் இல்லை. ஆனால் பக் பௌர்ணமி யாழ்ப்பாணத்தோடு ஒட்டிய நாள் என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது. புத்தர் இரண்டாவது தடவை இலங்கைக்கு வந்து, மணியாசனத்துக்காகச் சண்டையிட்ட இரண்டு நாக அரசர்களைச் சமாதானம் செய்தார் என்று மகாவம்சம் சொல்வதை நயினாதீவோடு தொடர்புபடுத்திப் பௌத்தர்கள் நினைவுகூரும் நாள் அது. உங்கள் பௌத்த நண்பர் அன்று குறிகாட்டுவானில் படகு ஏறுவாராக இருக்கலாம். அதை நேரில் கேட்டு நாலு வார்த்தை பேசுவது குழுவில் போடும் எந்த வாசகத்தையும்விடப் பெறுமதியானது. 17ஆம் திகதி காலை, உயிர்த்த ஞாயிறு வாழ்த்து.

நோன்பாளிகளுக்கான வசனம் இந்தக் கிழமைக்கு உரியதே இல்லை. அது மாதத் தொடக்கத்தில் போயிருக்க வேண்டியது: "ரமழான் நோன்பைத் தொடங்கும் எங்கள் நண்பர்களுக்கு நல்ல மாதமாக அமையட்டும். மதிய நேரக் கூட்டங்களை இந்த மாதம் காலைக்கு மாற்றியிருக்கிறோம், எல்லோரும் கவனியுங்கள்." இரண்டாவது வசனம் உண்மையான ஒழுங்கு ஒன்றைச் சொன்னால் முதல் வசனமும் நம்பத்தகுந்ததாகிறது. அப்படி மாற்ற எண்ணமில்லை என்றால் முதல் வசனத்தோடு நிறுத்திவிட்டு, அந்த மாதம் புத்தாண்டுத் தேநீர் விருந்து வைக்கும்போது அவரைத் தட்டின் முன்னால் வற்புறுத்தாமல் இருந்தாலே போதும்.

வாழ்த்து இல்லாத நாட்கள்

பெரிய வெள்ளியைப் போலவே வாழ்த்தில்லாமல் விடவேண்டிய நாட்கள் வேறும் உண்டு. மகா சிவராத்திரி உபவாசமும் கண்விழிப்புமான நாள், 'இனிய சிவராத்திரி' என்று வீட்டில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை, அலுவலகம் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? மீலாதுன் நபி அரச விடுமுறை. ஆனால் அதைக் கொண்டாடும் முஸ்லிம்களும் உண்டு, கொண்டாடுவது முறையல்ல என்று கருதும் முஸ்லிம்களும் உண்டு. அந்த உள் வழக்கில் அலுவலகம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, விடுமுறை அறிவித்தல் போதும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் ஊரே விரதத்தில் இருப்பது போலத் தோன்றினாலும், குழுவுக்குத் தேவையானது எந்த வீதி மூடப்படுகிறது, தேரன்றும் தீர்த்தத்தன்றும் யார் லீவு, யார் கடமையில் என்ற செய்திதான். அந்த நாட்களில் ஒன்றாக வாங்கும் மதியச் சாப்பாடு சைவமாக இருக்கட்டும் என்று ஒருவர் சொல்வதை எல்லாச் சமயத்தவரும் இங்கே இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள். அதே இயல்போடு நோன்பு மாதத்தையும் தவக்காலத்து வெள்ளியையும் கவனித்துக்கொண்டால் கணக்குச் சரி.

இன்னும் இரண்டு நாட்கள் வாழ்த்து உள்ள நாட்கள்தான். ஆனால் இரண்டாவது வசனத்தை மிகவும் யோசித்து எழுத வேண்டியவை. ஒன்று உயிர்த்த ஞாயிறு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக்குப் பிறகு இலங்கையில் அந்தப் பெயரைக் கேட்டால் கொச்சிக்கடையும் கட்டுவாப்பிட்டியும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் கூடவே நினைவுக்கு வருகின்றன. அதற்காகக் கிறிஸ்தவர்களின் மிகப்பெரிய மகிழ்ச்சித் திருநாளை இரங்கல் நாளாக்கிவிடக் கூடாது, வாழ்த்து வாழ்த்தாகவே போகட்டும். அதே வாழ்த்துக்குள் தாக்குதலைப் பற்றி எழுதுவதும் வேண்டாம். குழுவில் இருக்கும் முஸ்லிம் நண்பர் அந்த வரியை எப்படி வாசிப்பார் என்று ஒருகணம் நினைத்துப் பாருங்கள்.

மற்றது வெசாக். அது மே மாதத்துப் பூரணையில் வருவதால் சில ஆண்டுகளில் முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐ ஒட்டி வந்துவிடும், 2019இல் அன்றைக்கே வந்தது. எங்கள் குழுவில் அன்று பிள்ளைக்கும் தகப்பனுக்கும் விளக்கேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பௌத்த நண்பருக்கு வெசாக் வாழ்த்தைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை, அவர் எதையும் செய்தவரில்லை. அதே நேரம் இரண்டாவது வசனத்தில் எல்லோரையும் மகிழச் சொல்வதும் முடியாது. "வெசாக் தினத்தை அனுஷ்டிக்கும் எங்கள் நண்பர்களுக்கு வாழ்த்துகள். இந்த விடுமுறை நாட்கள் எல்லோருக்கும் அமைதியாகக் கழியட்டும்." இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல், வெசாக் கூட்டின் படமும் போடாமல் அனுப்பினால் இரண்டு தரப்பும் மனங்கோணாமல் வாசிக்கலாம். 'அனுஷ்டிக்கும்' என்ற வினையும் இங்கே வேண்டுமென்றே போட்டது. கொண்டாட்டமும் வழிபாடும் கலந்த நாட்களுக்கெல்லாம் அது பொருந்தும்.

பெயரும் நேரமும்

பெயரை அந்தச் சமயத்தவர் சொல்கிறபடி சொல்லுங்கள். முஸ்லிம்கள் சொல்வது நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும். 'ரம்ஸான் வாழ்த்து' என்றால் அது நோன்பு தொடங்குவதற்கா முடிவதற்கா என்று தெரியாமல் போகிறது. நத்தார் என்றாலும் கிறிஸ்மஸ் என்றாலும் இங்கே ஒன்றுதான், இரண்டும் புழக்கத்தில் உள்ளன. தைப்பொங்கலைத் தைப்பொங்கல் என்றே விட்டுவிடுங்கள். கத்தோலிக்க ஆலயங்களிலும் பொங்குகிறார்கள் என்பதால் அதைச் சைவர்களுக்கு மட்டும் எழுதினால் பிழைக்கும், பொங்கல் சூரியனுக்குப் படைப்பது என்பதால் எல்லோருக்கும் எழுதினாலும் பிழைக்கும். 'கொண்டாடும் எல்லோருக்கும்' என்பது இரண்டு பிழையையும் தவிர்க்கிறது. தீபாவளிக்கு நரகாசுரன் கதையும் 'தீமை அழிந்த நாள்' என்ற வரியும் தேவையில்லை. நத்தாருக்கு 'உலக இரட்சகர் பிறந்த நாள்' என்பதும் அப்படியே. அவை நம்பிக்கை அறிக்கைகள், கோயிலிலும் தேவாலயத்திலும் சொல்ல வேண்டியவை.

நேரத்தில் அதிகம் பிழை நடப்பது நோன்புப் பெருநாளில். அரச நாட்காட்டியில் ஒரு திகதி அச்சாகியிருக்கும். ஆனால் ரமழான் இருபத்தொன்பது நாளா முப்பது நாளா என்பது பிறை தெரிவதைப் பொறுத்தது. கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வருவது முதல் நாள் இரவு. நாட்காட்டியை நம்பிக் காலையிலேயே வாழ்த்துப் போட்டால், இன்னும் நோன்போடு இருக்கும் ஒருவருக்குப் பெருநாள் வாழ்த்துப் போய்ச் சேரும். எழுதி வைத்துக்கொண்டு, அறிவிப்பு வந்த பிறகு அனுப்புங்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் இந்தச் சிக்கல் இல்லை, அது துல்ஹஜ் மாதத்தின் பத்தாம் நாள் என்பதால் பிறை பார்த்தவுடனேயே திகதி தெரிந்துவிடும், ஒரு கிழமைக்கு மேல் அவகாசம் உண்டு.

தை மாதத்தில் விடுமுறைப் பட்டியலை முன்னால் வைத்து, அந்த ஆண்டுக்கு அனுப்பப்போகும் எல்லா வாழ்த்தையும் ஒரே இருப்பில் எழுதிவிடுவது நல்லது. அப்போதுதான் நீளம் ஒத்துப்போகும். தீபாவளிக்கு விளக்குப் படத்தோடு ஏழு வரியும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் மத்தியானம் மூன்று சொல்லும் என்று வந்தால், எவ்வளவு கவனமாகச் சொல் தெரிந்தெடுத்தாலும் பயனில்லை. எல்லாவற்றுக்கும் இரண்டு வசனம், எல்லாம் முதல் நாள் மாலையோ அன்று காலையோ. அந்தந்தச் சமயத்தவர் ஒருவரிடம் தனியாகக் காட்டிப் பெயரும் வினையும் சரியா என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் எழுதும் வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள். தனக்குத் தானே வாழ்த்து எழுத யாருக்கும் மனம் வராது.

படமும் எழுத்துருவும்

படம் போடாமல் எழுத்தாக மட்டும் அனுப்புவதே நல்லது. தெய்வப் படங்கள் ஒரு காரணம். அவசரத்தில் எடுத்த படங்கள் பிழையாக அமைவது இன்னொன்று. நோன்புப் பெருநாளுக்குக் கஃபாவின் படம் வருகிறது, அது ஹஜ்ஜோடு சேர்ந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு முள்முடி வருகிறது, அது வெள்ளிக்கிழமைக்கு உரியது. படத்துக்குள் பதிந்த எழுத்துப் பிழையைத் திருத்தவும் முடியாது. எழுத்தாக அனுப்பியதை வட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் திருத்திக்கொள்ளலாம்.

அரச அலுவலகங்களில் இருந்து வரும் வாழ்த்துகளுக்கு இன்னொரு தொல்லை. கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே குழுவில் ஒட்டினால், 'வாழ்த்து' என்பது தொலைபேசியில் `tho;j;J` என்று தெரியும். பாமினி தமிழின் உருவத்தை ஆங்கில விசைகளின் மேல் ஏற்றிவைத்த எழுத்துரு, தொலைபேசியில் அந்த எழுத்துரு இல்லை. ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும், அல்லது தொலைபேசியிலேயே எழுதிவிடலாம், இரண்டு வசனம்தானே. சிங்களம் வாசிப்பவர்கள் குழுவில் இருந்தால் அவர்களுடைய பண்டிகைக்கு மட்டும் என்றில்லாமல், எல்லா வாழ்த்தையும் சிங்களத்திலும் சேர்த்து அனுப்புங்கள். வெசாக்குக்கு மட்டும் சிங்களம், தீபாவளிக்குத் தமிழ் மட்டும் என்றால், தீபாவளி அவருக்குச் சொல்லப்படாத செய்தியாகிவிடும்.

பதில்கள்

வாழ்த்துப் போன பிறகு நடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாற்பது பேர் உள்ள குழுவில் முப்பது பேர் 'நன்றி, உங்களுக்கும்' என்று எழுதத் தொடங்கினால், எழுதாத பத்துப் பேர் யார் என்பது தானாகவே தெரிந்துவிடுகிறது. சில கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவர்கள் பிற சமயப் பண்டிகை வாழ்த்துக்குப் பதில் எழுதுவதில்லை, சிலர் தங்கள் சமயத்துப் பண்டிகையையே கொண்டாடுவதில்லை. அவர்கள் அலுவலகத்தோடு கோபித்துக்கொண்டவர்கள் அல்ல. வாழ்த்தை நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய அறிவித்தல் குழுவில் போட்டுவிட்டால் இந்தக் கணக்கெடுப்பு நடக்காது. விரும்பியவர் ஒரு கைகூப்பும் அடையாளத்தைத் தட்டிவிட்டுப் போகலாம். யார் தட்டினார்கள் என்று மேலதிகாரி போய்ப் பார்க்கக் கூடாது, பார்த்தாலும் அதைப் பேச்சில் எடுக்கக் கூடாது.

எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தும் ஒரு பண்டிகை தவறிப்போகலாம். பெரும்பாலும் அது சிறுபான்மையினரின் பண்டிகையாகத்தான் இருக்கும். அப்போது அதை மறைக்க அடுத்த பண்டிகையோடு சேர்த்து 'மற்றும்' போட்டு அனுப்பாதீர்கள். மறுநாளே, அதே நீளத்தில், "நேற்று ஹஜ்ஜுப் பெருநாள் கொண்டாடிய நண்பர்களுக்கு எங்கள் வாழ்த்து ஒரு நாள் பிந்திவிட்டது, மன்னிக்கவும்" என்று தொடங்கி, இரண்டாவது வசனத்தையும் விடாமல் எழுதி அனுப்பிவிடுங்கள்.